துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கவும் வடிவமைக்கவும் மின்னஞ்சலில் என்ன எழுதிக் கேட்பது? (முதல் முறை சொதப்பிவிட்டேன்)

தாமரைக்குளம்:
வணக்கம். ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன், நாங்கள் நடத்தும் சர்க்கரை நோய் கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள். கால் பராமரிப்பு பற்றி டாக்டர் ஆங்கிலத்தில் 640 சொல்லில் எழுதிக் கொடுத்ததைத் தமிழில் மூன்று மடிப்புத் துண்டுப்பிரசுரமாக அச்சடிக்க வேண்டும். போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு நான் அனுப்பிய மெயில் இதுதான், வெட்கப்படாமல் அப்படியே போடுகிறேன்:

> "வணக்கம் சார், இணைப்பில் உள்ளதைத் தமிழில் மொழிபெயர்த்து அனுப்பவும். எளிமையாக இருக்க வேண்டும். கொஞ்சம் அவசரம், வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. நன்றி."

வெள்ளிக்கிழமை இரவு 11.40க்கு வந்தது. தலைப்பு "நீரிழிவு நோயாளிகளுக்கான பாதப் பராமரிப்பு நெறிமுறைகள்". உள்ளே "புற நரம்பியச் சிதைவு", "குருதியோட்டக் குறைபாடு". தப்பு என்று ஒரு வரியையும் காட்ட முடியாது, ஆனால் எங்கள் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு அதில் பாதி புரியாது. அதையே டிசைனருக்கு அனுப்பினேன், அவர் எழுத்தைச் சின்னதாக்கி எல்லாவற்றையும் அடைத்துக் கொடுத்தார். டாக்டர் பார்த்துவிட்டு "இதை எறும்புதான் படிக்கும்" என்றார். இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தாயிற்று. நவம்பர் 14 நீரிழிவு தினத்துக்கு முகாம் இருக்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறேன். இந்த முறை மெயிலில் என்ன எழுத வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
ரொம்ப யோசிக்காதீர்கள். சொல் எண்ணிக்கை, தேதி, ரேட். இந்த மூன்றும் இருந்தால் போதும், மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது தொழில்காரர் வேலை. இன்னொன்று, தமிழ் எப்போதும் ஆங்கிலத்தைவிட நீளும், 640 சொல் என்றால் தமிழில் 800 சொல்லுக்குக் காசு எடுத்து வையுங்கள்.

எழுத்துக்கூலி:
இருபது வருடமாக இதே வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் சகோதரி.

அந்த மொழிபெயர்ப்பாளர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "எளிமையாக" என்று எழுதியிருக்கிறீர்கள், யாருக்கு எளிமை என்று எழுதவில்லை. மருத்துவ ஆவணம் வந்தால் எங்களுக்குக் கை தானாகவே பாடநூல் தமிழுக்குப் போய்விடும், ஏனென்றால் அங்கேதான் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த மெயிலைப் பார்த்து நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

முதலில் எழுத வேண்டியது, இந்தத் தாளைப் படித்த பிறகு அந்த ஆள் என்ன செய்ய வேண்டும் என்பது. "விழிப்புணர்வுக்காக" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. "தினமும் இரவு படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், புண்ணோ கொப்புளமோ இருந்தால் வீட்டு வைத்தியம் செய்யாமல் மறுநாளே கிளினிக்குக்கு வர வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். அப்போதே எனக்கு நாலு விஷயம் தெரிந்துவிடுகிறது. வாக்கியம் ஏவலாக இருக்க வேண்டும், நரம்பு ஏன் கெடுகிறது என்ற பத்தி ஒரு வரியாகச் சுருங்கலாம், "புற நரம்பியச் சிதைவு" தேவையே இல்லை, "கால் மரத்துப் போகும், முள் குத்தினாலும் தெரியாது" போதும். தலைப்பும் மாறிவிடும்.

அடுத்தது ஆள். "பொதுமக்கள்" என்று எழுதாதீர்கள். உங்கள் கிளினிக்கில் நேற்று வந்த ஒருவரை நினைத்து எழுதுங்கள். என்ன வயது, எவ்வளவு படிப்பார், தானே படிப்பாரா, பேத்தி படித்துக் காட்டுவாளா? பேத்தி சத்தமாகப் படிக்கப்போகிறாள் என்றால் வாக்கியம் வேறு மாதிரி அமைய வேண்டும், ஒரே மூச்சில் படிக்க முடிகிற அளவுக்கு. அந்த ஆட்கள் தங்கள் நோயை எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்று ஐந்தாறு சொல் கொடுத்தால் இன்னும் நல்லது. அதை நான் அகராதியில் எடுக்க முடியாது, நீங்கள் காதால் கேட்டிருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளைக்கு ஒன்று: சொல் எண்ணிக்கை தமிழில் கூடாது, குறையும். "வரவேண்டியிருக்கிறது" என்பதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல் ஆகும், நமக்கு ஒன்றுதான். 640 சொல் தமிழில் 450, 480க்கு வந்து நிற்கும். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் ஆங்கில மூலத்தின் சொல்லை எண்ணி ரேட் சொல்கிறோம். எந்தப் பக்கம் எண்ணுகிறோம் என்பதை மெயிலிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் மனத்தாங்கல்தான்.

கணக்குப்பிள்ளை:
சரி, எண்ணிக்கை குறையும். ஆனால் பக்கம் நீள்கிறதே? எங்கள் கம்பெனி கையேட்டில் ஆங்கிலம் 8 பக்கம், தமிழ் 11 பக்கம் வந்தது. நான் சும்மா சொல்லவில்லை.

மூன்றுமடிப்பு:
இரண்டு பேரும் சொல்வது சரிதான். சொல் குறையும், இடம் கூடும். எழுத்துகள் அகலம், மேலே விலங்கு, கீழே சுழி என்று வரி இடைவெளியும் அதிகம் வேண்டும். நான் டிசைனர், அந்த எறும்பு எழுத்து எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஏ4 தாள் படுக்கைவாட்டில் 297 மி.மீ. மூன்று மடிப்பு என்றால் சமமாக 99 என்று பிரிக்கக் கூடாது, உள்ளே மடங்கும் பக்கம் 97, மற்ற இரண்டும் 100. இல்லாவிட்டால் உள்ளே மடங்கும் ஓரம் முட்டி மடங்கிவிடும். ஓரங்களை விட்டால் எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் 80 மி.மீ. சொச்சம். வயதானவர்களுக்கு 13 பாயின்ட் வையுங்கள், வரி இடைவெளி 18. ஒரு வரியில் மூன்று, மிஞ்சினால் நாலு தமிழ்ச் சொல்தான் வரும். உயரத்தில் 30 வரி. அதாவது படமே இல்லாமல் ஒரு பக்கத்துக்கு 100 சொல். தலைப்பும் படமும் பாதியை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 50, 60. ஆறு பக்கத்தில் ஒன்று முகப்பு, ஒன்று கிளினிக் முகவரி, நேரம். மீதி நாலு. ஆக உங்கள் பிரசுரம் தாங்குவது 240 தமிழ்ச் சொல்.

நீங்கள் 450க்கு மேல் கொடுத்தீர்கள். அந்த டிசைனர் என்ன செய்வார்? 9 பாயின்டுக்கு இறக்கினார்.

அதனால் நீளம் என்பது மூலம் எத்தனை சொல் என்பதில் இல்லை, அச்சில் எவ்வளவு இடம் என்பதில் இருக்கிறது. டிசைனரிடம் முதலில் கேட்டுவிட்டு, "தமிழில் 240 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, ஒரு பக்கத்துக்கு 60" என்று மொழிபெயர்ப்பாளருக்கு எழுதுங்கள். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எழுத்துக்கூலி:
அப்படியானால் அது மொழிபெயர்ப்பு இல்லை தம்பி, சுருக்கி எழுதுவது. 640ஐ 240க்குள் கொண்டுவர நான் எதை வெட்டுவது? வெந்நீரில் காலை வைக்கக் கூடாது என்பதா, விரல் இடுக்கில் கிரீம் தடவக் கூடாது என்பதா? அதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யக் கூடாது. டாக்டர் முதலில் ஆங்கிலத்திலேயே 320, 340 சொல்லுக்கு வெட்டிக் கொடுக்கட்டும், அதற்கப்புறம் என்னிடம் வரட்டும்.

மூன்றுமடிப்பு:
ஒத்துக்கொள்கிறேன்.

புதுமாப்பிள்ளை:
நல்ல இழை. எனக்கும் ஒரு டிசைனர் வேண்டும், கல்யாணப் பத்திரிகைக்கு. ஜனவரியில் முகூர்த்தம். மஞ்சள் பின்னணி, பிள்ளையார் இடது மூலையில். மெயில் எல்லாம் வேண்டாம், வாட்ஸாப்பில் வாய்ஸ் நோட்டில் சொன்னால் போதும்தானே? யாராவது இருந்தால் தனிச்செய்தியில் வாருங்கள்.

மூன்றுமடிப்பு:
மாப்பிள்ளை, வாழ்த்துகள், இது அந்த இழை இல்லை. ஆனால் வாய்ஸ் நோட்டில் மட்டும் பெயர்களைச் சொல்லாதீர்கள். போன வைகாசியில் ஒரு பத்திரிகைக்கு இனிஷியலை வாய்ஸ் நோட்டில் கேட்டு "வி" என்று போட்டேன், அவர் சொன்னது "பி". 600 பத்திரிகை. மெயிலில் எழுத்தால் அடித்து அனுப்புங்கள், நான் அதை அப்படியே எடுத்து ஒட்டுவேன், யார் தப்பு என்பதும் தெரிந்துவிடும்.

யாழ்தேவி_பயணி:
நான் யாழ்ப்பாணம். நாங்களும் இதே மாதிரி ஒரு நீரிழிவுத் துண்டுப்பிரசுரம் செய்வித்தோம், மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர், வலு கெட்டிக்காரர். ஆனால் எல்லா இடமும் "சர்க்கரை நோய்", "மருத்துவமனை", "ஷூ". இங்கே ஆக்கள் நீரிழிவு அல்லது சீனி வருத்தம் என்றுதான் சொல்லுவினம், வைத்தியசாலை, சப்பாத்து. "ஓபி சீட்டை எடுத்து வாருங்கள்" என்று இருந்தது, இங்கே அது கிளினிக் கொப்பி. அவருடைய பிழை இல்லை, "தமிழ்" என்று மட்டும் எழுதினது நாங்கள். எந்த ஊர்த் தமிழ் என்று ஒரு வரி போட்டிருந்தால் முடிஞ்சிருக்கும்.

உங்களுக்கு "நீரிழிவு" பாடநூல் சொல்லாகத் தெரிகிறது, எங்களுக்கு அதுதான் வழக்குச் சொல். பாருங்கோ.

தாமரைக்குளம்:
எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் போய் நின்றேன், முணுமுணுத்துக்கொண்டே 335 சொல்லாக வெட்டிக் கொடுத்துவிட்டார். புது மெயில் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். இது மொழிபெயர்ப்பாளருக்கு:

> "வணக்கம். சர்க்கரை நோய் கிளினிக்குக்கான கால் பராமரிப்புத் துண்டுப்பிரசுரம், ஆங்கிலத்திலிருந்து தமிழ், மூலம் 335 சொல் (இணைப்பில்).
>
> படித்தவர் தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், புண், கொப்புளம், நிறமாற்றம் இருந்தால் மறுநாளே கிளினிக்குக்கு வர வேண்டும். இதற்காகத்தான் இந்தத் தாள்.
>
> படிப்பவர்கள் 50 வயதுக்கு மேற்பட்ட, விவசாய வேலை செய்கிறவர்கள். பலர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள், சிலருக்கு வீட்டில் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள். அவர்கள் சொல்லும் சொற்கள்: சுகர், கால் மரத்துப் போகுது, எரிச்சல், ஆணி, புண் ஆறல. தமிழ்நாட்டு வழக்கு, 'நீங்கள்' என்ற மரியாதை.
>
> அச்சில் நாலு பக்கம், பக்கத்துக்கு 60 சொல், மொத்தம் 240க்குள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்னத் தலைப்பு. வேர்ட் கோப்பு, யூனிகோடு.
>
> கெடு: அக்டோபர் 27, திங்கள், காலை 11 மணி. சந்தேகங்களை என்னிடமே கேளுங்கள். ரேட் மூலச் சொல் கணக்கில் சொல்லுங்கள்."

டிசைனருக்கு இதே முதல் இரண்டு பத்தி, அப்புறம் அளவு, 13 பாயின்ட், "வாட்ஸாப்பிலும் அனுப்புவோம்" என்று ஒரு வரி.

கணக்குப்பிள்ளை:
நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்று சொல்லட்டுமா, இவ்வளவு நீள மெயிலைப் பார்த்தால் ஃப்ரீலான்சர் பயந்து பதிலே போட மாட்டார். வேலை சின்னது, மெயில் பெரியது, "கஷ்டமான பார்ட்டி" என்று ஒதுக்கிவிடுவார். எனக்கு நடந்திருக்கிறது.

எழுத்துக்கூலி:
அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அறிமுகமே இல்லாத ஆளுக்கு முதல் மெயிலில் நாலு வரி போதும்: என்ன வேலை, எத்தனை சொல், எந்தத் தேதி, உங்களுக்குத் தோதுப்படுமா. அவர் சரி என்றதும் இது. ஆனால் மூலக் கோப்பை அந்த முதல் மெயிலிலேயே சேர்த்து அனுப்புங்கள், பார்க்காமல் ரேட் சொன்னால் பிறகு ஒருவர் நஷ்டப்படுவார்.

எனக்கு இதில் குறையாகத் தெரிவது இரண்டு. இறுதி முடிவு யாருடையது? போன முறை யார் யார் திருத்தினார்கள்?

தாமரைக்குளம்:
டாக்டர், அறங்காவலர் ஒருவர், அப்புறம் அவருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். டாக்டர் "சுகர்" என்றார், ஆசிரியர் "நீரிழிவு" என்றார், அறங்காவலர் "கால்" வேண்டாம் "பாதம்" என்றார். மூன்று பேர் திருத்தமும் மூன்று நாளில் தனித்தனியாக, ஒன்று வாட்ஸாப்பில் போட்டோவாக.

எழுத்துக்கூலி:
அதுதான். உங்களுக்குள் சண்டை போட்டு முடித்துவிட்டு ஒரே கோப்பில், ஒரே தடவையாக, வேர்டில் குறிப்புப் போட்டு அனுப்புங்கள். மெயிலில் எழுதுங்கள்: "திருத்தங்கள் என் வழியாக ஒரே தொகுப்பாக வரும், ஒரு சுற்று. அக்டோபர் 30 வியாழன் அன்று தமிழ் வாசகத்தை இறுதி செய்துவிடுவோம்." அதற்குப் பிறகு டாக்டர் ஆங்கிலத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தால் அது புது வேலை, புதுக் காசு. நான் செய்த பிழையைத் திருத்த நான் காசு கேட்க மாட்டேன், உங்கள் மனம் மாறியதற்குக் கேட்பேன்.

மூன்றுமடிப்பு:
கெடு விஷயத்தில் டிசைனர் பக்கமிருந்து: முகாம் 14 வெள்ளி. உங்கள் ஊர் அச்சகம் நாலு வேலைநாள் கேட்டால், ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை கோப்பு அங்கே போக வேண்டும். அப்படியானால் முதல் மாதிரி 3ஆம் தேதி திங்கள். 30ஆம் தேதி வாசகம் உறுதியானால் எனக்கு ஒரு வெள்ளியும் ஒரு சனி ஞாயிறும்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற டிசைனரா என்று முன்கூட்டியே கேளுங்கள், நான் செய்ய மாட்டேன்.

அப்புறம் அந்த "வாட்ஸாப்பிலும் அனுப்புவோம்". அது ஒரு வரி இல்லை மேடம், அது இன்னொரு வேலை. மடிப்புத் தாளின் பிடிஎஃப்பைப் போனில் திறந்தால் முகப்புப் பக்கம் வலது கோடியில் இருக்கும், எதை முதலில் படிப்பது என்று தெரியாது, பெரிதாக்கி நகர்த்த வேண்டும். தனியாக நாலு அட்டை, 1080க்கு 1350 பிக்சல், என்று கேளுங்கள். இப்போதே கேட்டால் விலை குறைவு, முகாமுக்கு முந்தின நாள் கேட்டால் கூடுதல்.

அச்சுக்கோப்புக்கு: தாளின் நாலு புறமும் 3 மி.மீ. வெட்டு ஓரம், சிஎம்ஒய்கே, படங்கள் 300 டிபிஐ. கூகுளில் எடுத்த படம் வேண்டாம், உரிமையும் இல்லை, தெளிவும் இல்லை. ஆழமான புண் போட்டோ போட்டால் ஜனங்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள், கோட்டோவியம் கேளுங்கள்.

தாமரைக்குளம்:
போன முறை டிசைனரிடமிருந்து வந்த கோப்பில் இருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து மெசேஜில் ஒட்டினால் ஏதோ ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தது. அது ஏன்?

மூன்றுமடிப்பு:
பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. நீங்கள் யூனிகோடில் கொடுத்ததை அவர் மாற்றியிலோ கையாலோ மாற்றியிருப்பார், அங்கேதான் புதுப் பிழைகள் நுழையும். மெயிலில் "யூனிகோடு எழுத்துருவிலேயே வடிவமைக்கவும், இறுதியில் பிடிஎஃப் தவிர மூலக் கோப்பும் வேண்டும்" என்று எழுதுங்கள். மூலக் கோப்பு தருவதற்குச் சிலர் கூடுதல் காசு கேட்பார்கள், அதனால் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இன்டிசைன் என்றால் பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும். உங்களுக்கு மென்பொருள் தெரிய வேண்டாம், மாதிரி வந்ததும் "கொப்புளம்", "செருப்பு", "தேய்க்க" மூன்றையும் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் இல்லாமல் பின்னால் நின்றால் திருப்பி அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை:
பட்ஜெட்டை மெயிலில் சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அதையேதான் ரேட்டாகச் சொல்வார்கள்.

மூன்றுமடிப்பு:
சொன்னால் நான் அந்தக் காசுக்கு என்ன முடியும் என்று சொல்வேன். சொல்லாவிட்டால் மூன்று மெயில் வீண்.

எழுத்துக்கூலி:
மொழிபெயர்ப்புக்குச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணிக்கை தெரிந்தால் விலை வந்துவிடும். வடிவமைப்புக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஆனால் இதில் எனக்கே இரண்டு மனம்.

யாழ்தேவி_பயணி:
நாங்கள் சொன்னோம், முழுக் காசையும் எடுத்தார். ஆனால் வேலை நல்ல வேலை.

தாமரைக்குளம்:
இன்று ஒரு தகவல். இரண்டு மெயிலும் போய்விட்டன, இருவருமே ஒத்துக்கொண்டார்கள். மூலக் கோப்புக்கு டிசைனர் கூடுதலாகக் கேட்டார், பேசிக்கொண்டிருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் இந்த முறை வேறு ஒருவர், ஒரு மணி நேரத்தில் ஒரு கேள்வி அனுப்பினார்: "'மறுநாளே வாருங்கள்' என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு புண்ணைப் பார்த்தவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் உங்கள் கிளினிக் திறந்திருக்குமா?"

திறந்திருக்காது. டாக்டரிடம் கேட்டேன், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாமா, ஒரு போன் நம்பர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். நம்பர் என்றால் அது யாருடையது என்பது அடுத்த பிரச்சினை, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.